மூன்று நாள் தீபாவளித் தள்ளுபடி: தானியங்கி ஏலத்துக்கு முன்கூட்டியே சொல்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் சேலைக்கடை வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு முன் மூன்று நாள், முதன்முறையாக இணையத்தில் 25% தள்ளுபடி தருகிறோம். கூகுள் விளம்பரம், ஓர் ஆர்டருக்கு இவ்வளவு செலவு என்று இலக்கு வைக்கும் Target CPA முறையில் ஓடுகிறது. கூட்டம் வந்தால் அது தானாகவே ஏலத்தை ஏற்றிக்கொள்ளாதா?

ஏற்றும், ஆனால் பிந்தித்தான். பழைய விற்பனையைப் பார்த்தே அது கணிக்கிறது. இன்று கிளிக் செய்தவர் நாளை மறுநாள் வாங்கினால், அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் தள்ளுபடியே முடிந்துவிடும். அதனால் Tools → Budgets and bidding → Adjustments பக்கத்தில் Seasonality adjustment ஒன்றைப் பதியுங்கள். தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்தக் கேம்பெய்ன்கள், விற்பனை விகிதம் எவ்வளவு மாறும் என்பவற்றைக் கொடுத்தால் போதும். கணக்கின் நேர மண்டலம் தென்னாப்பிரிக்க நேரம்தானா என்று முதலில் பாருங்கள்.

அந்த விகிதத்தை ஆசையில் போடாதீர்கள். வழக்கமாக 100 கிளிக்குக்கு 2 ஆர்டர், ஓர் ஆர்டருக்கு இலக்கு 120 ரேண்ட் என்றால், ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 2.40 ரேண்ட் வரை தாங்கும். +50% என்று பதிந்தால் அது 3.60 ஆகும். உண்மையில் 2.4 ஆர்டர்தான் வந்தால், ஓர் ஆர்டருக்கு 150 ரேண்ட் போய்விடும். முன்பு வாட்ஸ்அப்பில் ஏதேனும் தள்ளுபடி அறிவித்திருந்தால், அப்போது உங்கள் தளத்தில் விகிதம் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அப்போது வந்தவர்கள் பழகிய வாடிக்கையாளர்கள் என்பதால் அதைவிடக் குறைத்தே போடுங்கள்.

இந்தப் பதிவு பட்ஜெட்டை உயர்த்தாது. அதையும் நீங்களே கூட்டாவிட்டால், ஏறிய ஏலத்தில் அன்றைய பணம் சீக்கிரமே தீர்ந்து, மாலைக் கூட்டம் கைநழுவும்.

நாங்கள் வேறொரு கடை. விளம்பரச் செலவைப்போல் நான்கு மடங்கு விற்பனை வேண்டும் என்று Target ROAS 400% வைத்திருக்கிறோம். இதே கணக்குதானா?

இல்லை, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அந்தப் பதிவு விற்பனை விகிதத்தை மட்டுமே கேட்கிறது. தள்ளுபடியால் ஆர்டரின் மதிப்பு குறைவது அதற்குத் தெரியாது. 800 ரேண்ட் ஆர்டர் 600 ஆகி, விகிதம் ஒன்றரை மடங்கு ஆனால், 1.5 × 0.75 = 1.125. அதாவது ஒரு கிளிக்கின் மதிப்பு 12.5% தான் கூடுகிறது. அங்கே +50% பதிந்தால் வருமானம் இலக்கைவிட வெகுவாகக் கீழே போகும். +12% போடுங்கள். லாப விகிதமும் சுருங்குவதால், இலக்கு 400% போதுமா என்பதைத் தனியே கணக்கிடுங்கள்.

புரட்டாசி மாதம் முழுவதும் மரக்கறிப் பொருள்களுக்குத் தள்ளுபடி. அதற்கும் இதுவேதானா?

வேண்டாம். இது 1 முதல் 7 நாள் வரையான நிகழ்வுக்கானது. 14 நாளைத் தாண்டினால் சரியாக வேலை செய்யாது. ஒரு மாதம் என்றால் தானியங்கி தானே கற்றுக்கொள்ள அவகாசம் உண்டு. முதல் சில நாளுக்கு மட்டும் பதிவு போடலாம்.

தள்ளுபடி முடிந்ததும் ஏலத்தை இறக்க எதிர்மறைப் பதிவு வேண்டுமா?

வழக்கமாக வேண்டாம், பதிவு முடிந்ததும் ஏலம் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த நாட்களை Data exclusion-இல் போட்டு மறைக்கவும் வேண்டாம், அது ஆர்டர்களை எண்ணும் கண்காணிப்பு பழுதான நாட்களுக்கானது. தள்ளுபடி நடக்கும்போது முதல் நாள் மாலையில் ஆர்டர் குறைவு என்று பதறாமல், தாமதமாக வரும் ஆர்டர்களுக்கு இடம் விடுங்கள். இரண்டாம் நாளும் கிளிக்கின் விலை மட்டும் ஏறி விகிதம் அசையாவிட்டால், பதிந்த எண்ணைக் குறையுங்கள்.