சிப்பாயைப் பார்க்காதீர்கள், அதன் முன்னால் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஆடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சிப்பாய் அமைப்பைப் பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: d4-ல தனிச் சிப்பாய் வந்தாலே எனக்குப் பயம். ரெண்டு பக்கமும் துணைக்கு ஆள் இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் தெரிஞ்சே அதை ஏத்துக்கறாங்க?

அந்தச் சிப்பாய் உங்களுக்கு இடம் தருகிறது, அதனால்தான். c, e இரண்டு ஃபைலும் யானைகளுக்குத் திறந்திருக்கும். குதிரை e5-ல் உட்கார d4 சிப்பாயே தாங்கல். சி3 சிசிலியனிலும் காரோ-கானின் பானோவ் தாக்குதலிலும் வெள்ளை இதற்காகத்தான் அந்தச் சிப்பாயை விரும்பி வாங்குகிறது.

என் பலகையில் ஒரு வெள்ளைச் சிப்பாய் தொலைந்து பல வருடம் ஆகிறது. அதற்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அதைத்தான் d4-ல் வைப்பேன், கண்ணுக்குத் தனியாகத் தெரியும். நீங்களும் இப்படி வைத்துப் பாருங்கள். வெள்ளையின் ராணி d3, பிஷப் c2, இன்னொரு பிஷப் c1, குதிரைகள் c3, f3, யானை e1. கறுப்பு கோட்டை கட்டிவிட்டது. குதிரைகள் c6, f6, பிஷப்புகள் e7, b7, சிப்பாய் e6, யானை c8. இப்போது d5 என்று தள்ளுங்கள். e6 சிப்பாய் வெட்டினால் e ஃபைல் திறந்துவிடும். அடுத்து பிஷப் g5. இனி f6 குதிரையை வெட்டி, e7 பிஷப் திருப்பி வெட்டினால், ராணி h7-ல் இறங்கி மேட். g6 என்று தடுத்தால் e1 யானை e7 பிஷப்பை வெட்டும். ராணி அதைத் திருப்பி வெட்டியதும் குதிரை d5-ல் வந்து நிற்கும். f6 குதிரை ராணிக்கு முன்னால் கட்டுண்டு கிடப்பதால் d5-ஐ வெட்டினால் ராணியே போய்விடும்.

புளியங்கொட்டை போயே போய்விட்டது. அது நின்றதே இந்த ஒரு நகர்வுக்காகத்தான்.

ஓசூர், ஷிப்ட் முடிந்து ஆடுபவர்: எதிராளிக்குத் தனிச் சிப்பாய்னா எல்லாக் காயையும் மாத்திக்கிட்டே போனா போதும், முடிவாட்டத்துல சிப்பாய் தானா விழும். சரிதானே?

பாதி சரி. எந்தக் காயை மாற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1981 மெரானோ உலகப் போட்டியின் 9-வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை கோர்ச்னாய், கறுப்பு கார்ப்போவ். கோர்ச்னாய்க்கு d4-ல் தனிச் சிப்பாய். கார்ப்போவ் 11-வது நகர்வில் குதிரையை h5-க்கு விட்டு, கறுப்புக் கட்டப் பிஷப்புகளை மாற்றவைத்தார். பிறகு ஒரு ஜோடிக் குதிரை போனது. அதற்குப் பிறகு அவருடைய பிஷப்புக்கு ஈடாக வெள்ளையின் e5 குதிரையும் போனது. 27-வது நகர்வில் d5-ல் நின்ற குதிரையை வெள்ளை பிஷப்பால் வெட்ட, யானை திருப்பி வெட்டியது. சின்னக் காய் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் ராணியும் இரண்டு யானையும் இருவரிடமும் அப்படியே இருந்தன.

கார்ப்போவ் அங்கே நிறுத்தினார். ராணிகளை மாற்றியிருந்தால் வெள்ளை ராஜா நடந்து வந்து தானே d4-ஐக் காத்திருக்கும். யானைகளும் போயிருந்தால் ஆட்டம் டிராவுக்கே போயிருக்கலாம். ராணி இருக்கும்வரை அந்த ராஜா வெளியே வர முடியாது. அவர் ஒரு யானையை d5-ல் முன்னால் நிறுத்தி, ராணியை d7-லும் இன்னொரு யானையை d8-லும் வைத்தார். அடுத்து e5 என்று தள்ளினால் d4 சிப்பாயால் வெட்ட முடியாது, வெட்டினால் பின்னால் நிற்கும் d1 யானை போய்விடும். அதைத் தடுக்க வெள்ளை f4 ஆட வேண்டியதாயிற்று. ராஜாவின் முன்பக்கம் ஓட்டையானது அங்கேதான். கடைசியில் 35-வது நகர்வில் e5 வந்தே விட்டது. 43-வது நகர்வில் வெள்ளை கையைத் தூக்கியது. சிப்பாய் விழுந்ததால் வந்த வெற்றி இல்லை இது. அதைக் காக்கப் போய் ராஜாவைத் திறந்து வைத்ததால் வந்தது.

ஆக, குதிரைகளையும் பிஷப்புகளையும் மாற்றுங்கள், பெரிய காய்களை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை d5 கட்டத்தைப் பிடிப்பது. அங்கே உங்கள் காய் ஒன்று நின்றால் மேலே சொன்ன அந்த d5 தள்ளல் நடக்கவே நடக்காது.

அரூர், ஒரு அப்பா: என் பையனுக்கு 10 வயசு சார். இரட்டைச் சிப்பாய் வந்தா அழுதுடறான். ஸ்பானிஷ்ல எதிராளி பிஷப்பால c6 குதிரையை வெட்டிடறாங்க. a6 ஆடாமலே இருந்துடலாமா?

a6 ஆடட்டும், தம்பி ஒன்றும் தப்பு செய்யவில்லை. பிஷப் வெட்டினால் d சிப்பாயால் திருப்பி வெட்டச் சொல்லுங்கள். c6, c7 இரட்டைதான், ஆனால் பிஷப்புக்கும் ராணிக்கும் வழி திறந்துவிட்டது. வெள்ளை அவசரப்பட்டு e5 சிப்பாயைக் குதிரையால் எடுத்தால் ராணி d4-க்கு வந்து குதிரையையும் e4 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தாக்கும். போன சிப்பாய் திரும்பி வந்துவிடும்.

பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். d4-ல் சிப்பாய்கள் மாறிவிட்டால் ராஜா பக்கம் வெள்ளைக்கு நாலு, தம்பிக்கு மூன்று. ராணி பக்கம் தம்பிக்கு நாலு இருந்தும் இரட்டையால் அதிலிருந்து சுலபமாகப் பாஸ் சிப்பாய் உண்டாகாது. எல்லாக் காயும் போய் வெறும் சிப்பாய் ஆட்டமானால் வெள்ளைக்குத்தான் வெற்றி. தம்பியிடம் இருப்பது இரண்டு பிஷப். அவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்ளட்டும். ஃபிஷர் 1966 ஹவானா ஒலிம்பியாடில் வெள்ளையாக இதே அமைப்பை ஆடி போர்டிஷையும் கிளிகோரிச்சையும் வென்றார். அதனால் எதிராளி தெரியாமல் வெட்டுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

கிருஷ்ணகிரி, பள்ளி ஆசிரியர்: சிசிலியனில் கறுப்பு e5 ஆடியதும் d6 பின்தங்கிவிடுகிறது. நான் இரண்டு யானையையும் d ஃபைலில் வைத்து அதையே அடித்தேன். விழவே இல்லை.

நீங்கள் அனுப்பிய ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தேன் ஐயா. d6-ஐக் கறுப்பு e7 பிஷப்பாலும் ராணியாலும் காத்தது, நீங்களும் அதன் மேலேயே இருந்தீர்கள். இங்கேயும் கட்டம்தான் முக்கியம், d5. அதைக் காப்பது f6 குதிரையும் e6-க்கு வரும் பிஷப்பும். அதனால் பிஷப்பை g5-க்கு விட்டு குதிரையை வெட்டுங்கள். அப்புறம் c3 குதிரை d5-ல் உட்காரட்டும். உங்கள் 14-வது நகர்வில் கறுப்பு d5 என்று தள்ளித் தப்பித்தது. குதிரை அங்கே இருந்திருந்தால் அது முடியாது.

d5-ல் வெட்டு நடந்தால் காயால் திருப்பி வெட்டுவதே என் பழக்கம். e சிப்பாயால் வெட்டினால் d5-ல் உங்கள் சிப்பாய் போய் நின்று d6-க்கு மறைவாகிவிடும்.

பென்னாகரம், பழைய ஆட்டக்காரர்: கடைசியில் சொன்னதை நான் ஒத்துக்கமாட்டேன். நான் சிப்பாயாலதான் வெட்டுவேன். ராணி பக்கம் எனக்கு மூணு, அவனுக்கு ரெண்டு. c4, c5-னு ஏறுவேன்.

உங்கள் திட்டமும் நல்ல திட்டம்தான், அண்ணே. c5 வரைக்கும் ஏற முடிந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் கறுப்புக்கு ராஜா பக்கம் சிப்பாய் அதிகமாகிவிடும், f5 என்று எழுந்து வரும். யார் முந்துகிறார்கள் என்பதுதான் கணக்கு. கறுப்பு ஏற்கெனவே f5 தள்ளத் தயாராக நின்றால் நான் காயால்தான் வெட்டுவேன். ஞாயிறு வாருங்கள், இதே நிலையை வைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்துவிடலாம்.