முடித்துவிட்டுச் சொல்கிறேன்

அன்புள்ள சார்,

போன வாரம் ஒரு கம்பெனியில் வேலைக்கான பேர் புரோகிராமிங் ரவுண்டு, இன்டர்வியூ எடுப்பவரோடு சேர்ந்து உட்கார்ந்து கோடு எழுத வேண்டும். மீட்டிங் ரூம் புக்கிங்குக்கான சின்ன பைத்தான் புராஜெக்ட் ஒன்றைக் கொடுத்து, இரண்டு புக்கிங் மோதுகிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனை எழுதச் சொன்னார்கள். யூடியூபில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வரிக்கும் என்ன செய்கிறேன் என்று விடாமல் பேசிக்கொண்டே எழுதினேன். நடுவில் அவர் ஏதோ கேட்டார். "முடித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். கொடுத்த டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனாலும் "டெக்னிக்கலாக ஓகே, சேர்ந்து வேலை செய்வது போதவில்லை" என்று ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். இதற்கு மேல் எவ்வளவு பேசுவது சார்? என் ஆங்கிலம்தான் காரணமா? அவர் சொல்வது தப்பென்று பட்டால் மறுத்துப் பேசலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அவர் "ஏதோ கேட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கேட்டார் என்று கடிதத்தில் இல்லை. உங்களுக்கே நினைவில்லை என்றுதான் தோன்றுகிறது. ரிஜெக்ட் ஆன வருத்தத்தில் இருப்பவரைத் திட்டக் கூடாதுதான், ஆனால் ஒரு மணி நேர ரவுண்டில் எதிரே இருந்தவர் வாய்திறந்து கேட்ட ஒன்று காதில் விழவில்லை என்றால் வேறு யாரைத் திட்டுவது?

நானும் பல வருடங்களாக இதே மீட்டிங் ரூம் கணக்கைக் கொடுத்துவருகிறேன். அதனால் அவர் என்ன கேட்டிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. முதல் முறை எழுதுபவர்களில் பலர் இப்படித்தான் எழுதுவார்கள்:

```python
def overlaps(a, b):
    return a[0] <= b[1] and b[0] <= a[1]
```

9 முதல் 10 வரை ஒரு மீட்டிங், 10 முதல் 11 வரை இன்னொன்று. இந்தக் கோடு இரண்டும் மோதுகிறது என்று சொல்லும். அப்படியானால் ஒரு ரூமை அடுத்தடுத்து யாருக்கும் கொடுக்கவே முடியாது. `<=` இருக்கும் இரண்டு இடத்திலும் `<` வர வேண்டும். கொடுக்கும் டெஸ்டுகளில் இந்தத் தொட்டுக்கொண்டிருக்கும் கேஸை நாங்கள் வேண்டுமென்றே விட்டுவைப்போம். ஆள் தானாகக் கேட்கிறாரா, இல்லை நாங்கள் "பத்து மணிக்கு முடிஞ்சு பத்து மணிக்கே ஆரம்பிச்சா?" என்று லேசாகத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனிப்போம். இந்த மாதிரி ரவுண்டில் எதிரே இருப்பவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரு குறிப்பு. அதைத்தான் நீங்கள் தள்ளிவைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வந்த கேள்வி வேறாகவும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதற்கு விடை அப்போதே வேண்டியிருந்தது.

இனி அந்த யூடியூப் அறிவுரை. "யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்" என்று ஊர்முழுக்கச் சொல்கிறார்கள். எனக்கு இதன்மேல் நெடுநாள் கோபம். வாய்விட்டு யோசிக்கவைக்கும் முறை உளவியல் ஆய்வில் முறைப்படியே உண்டு. ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1984-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். அதில் வருகிறவர் புதிரை விடுவித்தபடி மனதில் ஓடுவதை அப்படியே சொல்ல வேண்டும். ஆய்வாளர் குறுக்கே பேச மாட்டார். ஆள் மௌனமாகிவிட்டால் "பேசிக்கொண்டே இருங்கள்" என்று நினைவூட்டுவதோடு சரி. அந்த ஆளின் யோசனை எந்த வழியில் போகிறது என்று பதிவுசெய்வதுதான் நோக்கம், அவருக்கு உதவுவது இல்லை. சும்மா ஓடுவதைச் சொன்னால் யோசனையின் போக்கு பெரிதாக மாறுவதில்லை, ஏன் அப்படிச் செய்தாய் என்று விளக்கச் சொன்னால் மாறிவிடுகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள்.

பேர் ரவுண்டில் எல்லாம் தலைகீழ். எதிரே இருப்பவர் பதிவு செய்ய வரவில்லை, குறுக்கிடத்தான் வந்திருக்கிறார். உங்கள் போக்கு மாறவும் வேண்டும். "இப்ப ஒரு ஃபார் லூப் போடறேன், இப்ப வேரியபிளுக்குப் பேர் வைக்கறேன்" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஓட்டினால் அவருக்கு அது எதற்கு? திரைதான் அவருக்கும் தெரிகிறதே. அதைவிடக் கெடுதல், அவர் நுழைய இடமே இல்லாமல் போகிறது. எவ்வளவு பேசுவது என்று கேட்டீர்கள். நீங்கள் பேசியதில் பாதி போதும்.

எதைப் பேசுவது என்றால், வழி இரண்டாகப் பிரியும் இடத்தை. எப்போது என்றால், கை கீபோர்டில் இறங்கும் முன்னால். "நான் `<=` போட்டேன், ஏன்னா..." என்று எழுதிய பிறகு சொன்னால் அது அறிக்கை. அதன்பின் அவர் மாற்றுக் கருத்து சொன்னால் உங்கள் கோடைக் குறைசொல்வது போல ஆகிவிடும், பலர் வாயை மூடிக்கொள்வார்கள். "முனை தொட்டா மோதலா இல்லையான்னு முடிவு பண்ணணும். மோதல் இல்லைன்னு எடுத்துக்கறேன், சரியா?" என்று எழுதும் முன் சொன்னால், இன்னும் எதுவும் எழுதப்படாததால் அவர் சும்மா கலந்துகொள்ளலாம். சொல்வது அதே சங்கதிதான். ஆனால் முதலாவதில் அவர் பார்வையாளர், இரண்டாவதில் கூட்டாளி. சொல்லிவிட்டுக் கையை எடுத்து ஒரு மூச்சு நிறுத்துங்கள். இந்த நிறுத்தம் யாருக்கும் வருவதில்லை! கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே தட்டச்சத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். அதிகம் பேசாதவர், முதல் சில நிமிடங்கள் கோடைப் படித்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "சார், பத்துக்கு முடியறதும் பத்துக்கு ஆரம்பிக்கறதும் மோதாதுன்னு வச்சுக்கறேன். ஆனா ஒரு மீட்டிங் முடிஞ்சதும் ரூமைச் சுத்தம் பண்ண நேரம் விடுவீங்களா?" கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். கணக்கில் அப்படி ஒன்றே கிடையாது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "விடுவோம், 15 நிமிஷம்" என்றேன். "அப்ப மணியா வேண்டாம், நிமிஷமா வச்சுக்கலாமா?" என்றார். காலை 9 மணி 540 ஆனது, 10 மணி 600 ஆனது. எழுதினார்:

```python
def overlaps(a, b, gap=15):
    return a[0] < b[1] + gap and b[0] < a[1]
```

இதில் ஒரு ஓட்டை. இடைவெளியை ஒரு பக்கம்தான் சேர்த்திருக்கிறார். "`a`, `b` ரெண்டையும் இடம் மாத்திப் பார்ப்போமா?" என்றேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கடிதத்திலேயே இருக்கிறது. அவர் "இதுல வேற விடை வரக் கூடாது, வருதான்னு பார்க்கலாம். நான் டெஸ்ட் சொல்றேன், நீங்க எழுதறீங்களா?" என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

```python
x, y = (540, 600), (600, 660)
assert overlaps(x, y)
assert overlaps(y, x)
```

முதல் வரியிலேயே விழுந்தது. 600, 600-ஐவிடச் சிறியதில்லை, ஆகவே மோதல் இல்லை என்கிறது. திருப்பிப் போட்டால் 600, 615-ஐவிடச் சிறியது, மோதல் என்கிறது. அதே இரண்டு மீட்டிங், வரிசையைப் பொறுத்து வேறு விடை. "ரெண்டு பக்கமும் `gap` வரணும்" என்று சொல்லி, கடைசி `a[1]` பக்கத்தில் `+ gap` சேர்த்தார். 615-க்கு ஆரம்பிக்கும் மீட்டிங்கை விடுகிறதா என்று அவரே இன்னொரு டெஸ்டும் சொன்னார். விட்டது. 10-க்கு ஆரம்பித்து 10-க்கே முடியும் புக்கிங் வந்தால் என்ன என்று கேட்டேன். "அது உள்ள வரும்போதே தடுக்க வேண்டியது, இந்த ஃபங்ஷன்ல வேண்டாம், ஒரு குறிப்பு போட்டுட்டுப் போவோம்" என்றார். நேரம் முடியும்போது கேட்டிருந்த மூன்று வேலைகளில் ஒன்று பாக்கி. எழுதியது முழுக்க அவர் எழுதியதும் இல்லை. உடனே எடுத்துக்கொண்டோம்.

கவனியுங்கள், அவர் கோடில் தப்பு இருந்தது, உங்களுடையதில் கொடுத்த டெஸ்ட் எல்லாம் பாஸ். உங்களுக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் நாளைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கிறோம். தப்பு எல்லோருக்கும் வரும். அதைப் பக்கத்தில் இருப்பவர் சொன்னால் ஏறுமா என்பதைத்தான் அந்த ஒரு மணி நேரத்தில் பார்க்க முடியும்.

மறுத்துப் பேசலாமா என்ற உங்கள் கேள்விக்கும் விடை அங்கேயே வந்துவிட்டது. பேசலாம். வாதம் இரண்டு சுற்றுக்கு மேல் போனால் ஒரு டெஸ்ட் எழுதி ஓட்டிப் பாருங்கள். ஓடவைக்க முடியாத சங்கதி என்றால், "உங்க வழியிலேயே போவோம், இந்த இடத்துல சிக்கல் வரும்னு நினைக்கறேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு உண்மையாகவே அவர் வழியில் போங்கள். முறைத்துக்கொண்டு போகக் கூடாது.

ஆக்கிரமித்துவிட்டோமா என்று நடுவிலேயே கண்டுபிடிக்கலாம். அவர் கேள்விகள் குறைந்து வெறும் "ம்", "ஓகே" மட்டும் வருகிறதா? திரையில் இருக்கும் கோடில் ஒரு வரியாவது, ஒரு பெயராவது அவர் சொன்னதால் வந்ததா? இல்லையென்றால் நிறுத்தி, "அடுத்து எதை எடுக்கலாம்?" என்று கேளுங்கள். இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் "சரியா சார், சரியா சார்" என்று அனுமதி கேட்பது. வேரியபிள் பெயருக்கெல்லாம் கேட்காதீர்கள், எரிச்சலாக இருக்கும்.

எதிரே இருப்பவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அல்லது கீபோர்டைப் பிடுங்கித் தானே எழுதினால், இதெல்லாம் பலிக்காது. அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வந்தவர் கேள்வி கேட்டிருக்கிறார், அவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பழகுவதற்கு ஒரு நண்பரைப் பிடியுங்கள். லூயெலின் ஃபால்கோ என்ற புரோகிராமர் பரப்பிய ஒரு விதி உண்டு: உங்கள் தலையில் இருக்கும் யோசனை கணினிக்குள் போக வேண்டுமானால் அடுத்தவர் கை வழியாகத்தான் போக வேண்டும். யோசனை சொல்பவர் கீபோர்டைத் தொடக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் உயிர் போகும். நண்பர் தப்பாக எழுதும்போது கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். இந்த மீட்டிங் ரூம் கணக்கையே எடுத்துக்கொண்டு, இரவு 11-க்கு ஆரம்பித்து மறுநாள் 1 மணிக்கு முடியும் புக்கிங்கைச் சேர்த்துப் பாருங்கள். நள்ளிரவிலிருந்து நிமிடங்களை எண்ணும் மேலே உள்ள கோடு அங்கே உடையும். அதை எப்படிச் சரிசெய்வது என்று இருவரும் கட்டாயம் சண்டை போடுவீர்கள்.

ஆங்கிலத்தை விடுங்கள். "what if they touch?" என்பதற்கு மேல் அந்த ரவுண்டுக்கு ஆங்கிலம் தேவையில்லை. எதிரே இருப்பவர் தமிழர் என்று தெரிந்தால் கலந்து பேசலாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். அவர் என்ன கேட்டார் என்று ஞாபகம் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.