ஸ்பாமில் கிடந்த 14 பில்கள்

கேள்வி: கிளையண்ட் மதியமே அனுப்பிய இன்வாய்ஸ் எல்லாம் என் ஸ்பாமில் கிடந்திருக்கிறது. நாளை கடைசித் தேதி. ராத்திரிதான் பார்த்தேன். தவறு என்னுடையதா, அவருடையதா?

நீங்களும் என்னைப் போல வீட்டிலிருந்து நாலைந்து சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு வேலை பார்ப்பவர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆடிட்டர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ரிட்டர்ன் தாக்கல் செய்வது அவர்கள்தான், பில்லைச் சேர்த்து ஷீட் போட்டுக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது.

திருப்பூரில் லேபிள் அச்சடிக்கும் ஒருவர் என் கிளையண்ட். மாதத்தின் 10ஆம் தேதி இரவு. மறுநாள் 11, ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள். ஷீட்டை முடித்துவிட்டு, எந்த எண் முதல் எந்த எண் வரை பில் போட்டிருக்கிறோம் என்று காட்டும் அட்டவணையை நிரப்பும்போதுதான் கவனித்தேன். 118க்குப் பிறகு 133 வருகிறது. நடுவில் 14 பில்லைக் காணோம். பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

போன் செய்தேன். "மத்தியானமே அனுப்பிட்டேனுங்க மேடம், புது பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து நேரா" என்றார். ஜிமெயிலில் அவர் கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. சாதாரணத் தேடல் ஸ்பாமுக்குள் எட்டிப் பார்க்காது என்பது அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. `in:spam` என்று போட்டதும் 14ம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

இதில் பயம் அபராதத்துக்கு இல்லை. 11ஆம் தேதிக்குள் ஏறாத பில், 14ஆம் தேதி அவருடைய வாடிக்கையாளருக்கு வரும் ஜிஎஸ்டிஆர்-2பியில் இருக்காது. அங்கே இல்லாவிட்டால் அந்த மாதம் அவர்களால் உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது. அந்த 14இல் ஒரு பில் மட்டும் இரண்டேகால் லட்சம். வாங்கியவர் சும்மா விடுவாரா?

இரவு ஒன்றரை வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். (பக்கத்து அறையில் என் நாத்தனார், "வீட்ல சும்மாதானே இருக்கே, காலையில சீர் வாங்க வர்றியா" என்று கேட்டார். அதைப் பற்றி எழுதினால் தனிப் பதில் ஆகிவிடும்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். "Not spam" அழுத்தியதோடு விட்டிருந்தால் தவறு என்னுடையதாகியிருக்கும். அது என் இன்பாக்ஸை மட்டும்தான் சரிசெய்யும். சந்தேகமாக இருந்ததால் ஒரு மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, `Show original` பார்த்தேன். `SPF: PERMERROR` என்று இருந்தது. எஸ்பிஎஃப் என்பது, என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று டொமைன்காரர் எழுதி வைக்கும் ஒரு வரி. புது சாஃப்ட்வேர் போட்ட பையன் பழைய வரியைத் தொடாமல், பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறான்:

```
v=spf1 include:_spf.google.com ~all
v=spf1 include:mail.example.com ~all
```

(இரண்டாவது வரியில் சாஃப்ட்வேர்காரரின் பெயரை மாற்றியிருக்கிறேன்.) ஒரு டொமைனுக்கு இப்படி ஒரு வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்தும் அந்த சாஃப்ட்வேரில் போடவில்லை. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கேட்கிறது. காலையில் அந்தப் பையனைப் பிடித்து ஒரே வரியாக்கச் சொன்னேன்:

```
v=spf1 include:_spf.google.com include:mail.example.com ~all
```

அப்போதுதான் உறைத்தது. எனக்கு வந்த அதே வழியில்தானே அவருடைய வாடிக்கையாளர்களுக்கும் பில் போயிருக்கும்? மூன்று வாரமாக "யாரும் பணமே அனுப்ப மாட்டேங்கறாங்க, ஃபாலோ அப் பண்றீங்களா இல்லையா" என்று என்னைத்தான் கடிந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு ஸ்பாமைப் பார்க்கச் சொன்னேன். ஏழு பேரில் ஐந்து பேருக்கு அங்கேதான் கிடந்தது. ஸ்பாமில் 30 நாள் ஆனால் தானாக அழிந்துவிடும், இன்னும் பத்து நாள் போயிருந்தால் அதுவும் இல்லை.

அதனால் இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் பில்லை ஏற்றி முடியுங்கள். அப்புறம் ஒரு மெயிலில் `Show original` பாருங்கள். எஸ்பிஎஃப்பும் டிகேஐஎம்மும் `PASS` என்று இருந்தால் கிளையண்டிடம் எதுவும் பேச வேண்டாம், உங்கள் பக்க ஃபில்டரைப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பேச்சு வளரும்போது உதவும்.

என் கிளையண்ட் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் இப்போது பில் அனுப்பிய கையோடு போன் வந்துவிடுகிறது: "மேடம், மெயில் போட்டிருக்கேனுங்க, ஸ்பாம்லயும் ஒருக்கா பாத்துருங்க."