மூன்று லட்சத்துக்கு எழுதிய மெஷின்

கேள்வி: கல்லடியில் சின்னக் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறேன். இலத்திரனியல் சாதனக் காப்புறுதி எடுத்தால் மின்னல், கரண்ட் பிரச்சினை எல்லாவற்றுக்கும் காசு கிடைக்குமா? அண்ணாவின் லேத் பட்டறைக்கும் அதே பொலிசி போதுமா?

மின்னலுக்குக் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது, ஆனால் நினைத்ததில் பாதிகூட இல்லை.

களுவாஞ்சிகுடியில் என் கடையில் போட்டோகொப்பி மெஷின் ஒன்றை 2021இல் மூன்று லட்சத்துக்குப் புதிதாக வாங்கி, அதே தொகைக்குப் பொலிசி போட்டேன். வருடாவருடம் அதையே புதுப்பித்தேன். இடையில் 2022இல் ரூபா விழுந்தது. 2023 ஐப்பசியில் ஒரு பின்நேரம் இடி விழுந்து மெஷினின் போர்டு எரிந்தபோது, அதே வகைப் புது மெஷின் ஆறு லட்சம்.

இந்தப் பொலிசியில் காப்புறுதித் தொகை என்பது நீங்கள் வாங்கிய விலை இல்லை, இன்று புதிதாக வாங்கினால் என்ன விலையோ அது. நான் பாதிக்குத்தான் எழுதியிருந்தேன், அதனால் நட்டத்திலும் பாதிதான். போர்டும் கூலியும் 90,000. அதில் பாதி 45,000. நான் ஏற்க வேண்டிய முதல் 10,000ஐக் கழித்ததும் கையில் 35,000.

பில்லில் டிரம்மையும் சேர்த்திருந்தேன். மதிப்பீட்டாளர் ஒன்றும் பேசாமல் குப்பைக் கூடையில் கிடந்த பழைய கொப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கறுப்புக் கோடு. மின்னலுக்கு முன்பே தேய்ந்த டிரம். தேய்மானத்துக்குக் காசு இல்லை. சரி, அதில் அவர் பக்கம்தான் நியாயம்.

மேசையில் திருத்த வந்திருந்த இரண்டு லப்டொப்களும் அன்றைக்கே போய்விட்டன. அவை என்னுடையவை அல்ல, பொலிசி அட்டவணையிலும் இல்லை. என் காசில்தான் திருத்திக் கொடுத்தேன். விற்பனைக்கு வைத்திருக்கும் சாமானும் இதற்குள் வராது. இவற்றுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். 'கரண்ட் பிரச்சினை' என்கிறீர்களே, கூடுதல் வோல்டேஜ் வந்து போர்டு எரிவது வேறு, மின்சார சபையின் கரண்ட் நின்றுபோய்ச் சேதமாவது வேறு. இரண்டாவதைப் பொதுவாகப் பொலிசியிலேயே விலக்கி எழுதியிருப்பார்கள்.

அண்ணாவுக்கு வேண்டியது இயந்திரப் பழுதுக் காப்புறுதி. லேத் மோட்டரின் வைண்டிங் திடீரென்று எரிந்தாலோ வார்ப்புக் குறையால் கியர் உடைந்தாலோ அது பிடிக்கும். வெட்டும் டூல், பெல்ட் பிடிக்காது. மாரி வெள்ளம் பட்டறைக்குள் வந்து மோட்டர் நனைந்தாலும் அதில் காசு வராது. அதற்குத் தீக் காப்புறுதியில் வெள்ளத்தையும் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் இலத்திரனியல் பொலிசியில் வெள்ளம் வழக்கமாக உள்ளே இருக்கும், ஆனாலும் விலக்குப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள்.

புதுப்பிக்கும் மாதத்தில் விற்பனையாளரிடம் அன்றைய புது விலைக்கு எழுத்தில் ஒரு விலைமனு வாங்கி, அந்தத் தொகையை அட்டவணையில் போடச் சொல்லுங்கள். தவணைப் பணம் கொஞ்சம் கூடும். எனக்கு இப்போது கூடத்தான் செய்கிறது, கட்டுகிறேன்.