'சாமர்த்தியசாலி' என்றால் பாராட்டுதானே?

"பிரியாவிடை மடலில் மேலாளரை 'ரொம்ப சாமர்த்தியசாலி' என்று எழுதினேன், அவர் முகம் மாறிவிட்டது. ஏன்?"

உறுத்தியது அந்த 'ரொம்ப'தான். "சிக்கலைச் சாமர்த்தியமாகத் தீர்த்தார்" என்று செயலோடு சேர்த்தால் சுத்தமான பாராட்டு, ஆனால் அதையே ஆளுக்குப் பட்டமாக்கி முன்னால் 'ரொம்ப' போட்டால், தன் காரியத்தைச் சாதித்துக்கொள்பவர் என்ற வாடை வந்துவிடும். 'ரொம்ப விவரமான ஆள்' என்பதும் அப்படித்தான். 'கெட்டிக்காரர்' அன்பான சொல், ஆனால் பெரியவர்கள் சின்னவர்களைத் தட்டிக்கொடுக்கும் தொனி அதில் உண்டு, மேலாளருக்கு ஒட்டாது. 'புத்திசாலி'யில் சந்தேகம் இல்லை, 'அதிபுத்திசாலி' ஆக்கினால் பெரும்பாலும் கேலி.

அவருக்கு 'விவேகம்' பொருந்தும், அதில் சுயநல வாடையே கிடையாது. "நெருக்கடியில் பதறாமல் விவேகமாக முடிவெடுத்தார்" என்று எழுதி, அப்புறம் அந்த முடிவு எது என்றும் ஒரு வரி சேருங்கள்.