ஏழாவது அணிக்கு ஐரோப்பா இடம் ஏன் பறிபோனது?

"2023-24 இங்கிலாந்து பிரீமியர் லீகில் நியூகாசில் 7வது, மான்செஸ்டர் யுனைடெட் 8வது. யுனைடெட் மட்டும் எப்படி யூரோப்பா லீக் போனது? ஊத்தங்கரையில் நண்பர்களோடு ஒரே சண்டை, விளக்குங்கள்."

தம்பி, இங்கே தருமபுரி நாலு ரோடு டீக்கடையிலும் அந்த வாரம் இதே பேச்சுதான். பட்டியலை மட்டும் பார்த்தால் புரியாது, கோப்பைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த சீசனில் முதல் நான்கு இடங்கள் சாம்பியன்ஸ் லீகுக்கு, ஐந்தாவது யூரோப்பா லீகுக்கு. எஃப்.ஏ. கோப்பையை வெல்பவருக்கு யூரோப்பா லீகில் இன்னொரு இடம். லீக் கோப்பை வென்றவருக்கு கான்ஃபரன்ஸ் லீக். வென்ற அணி பட்டியல் வழியாகவே மேலே போய்விட்டால், அந்த இடம் பட்டியலில் அடுத்த அணிக்கு இறங்கும். இறுதிப்போட்டியில் தோற்றவருக்குப் போகாது. பலர் குழம்புவது இங்கேதான்.

அந்த வருடம் லீக் கோப்பையை வென்ற லிவர்பூல் மூன்றாவதாக முடித்ததால், அந்த இடம் கீழே இறங்கியது. மே 19ல் லீக் முடிந்தபோது செல்சி 6வது. நியூகாசிலும் யுனைடெடும் ஆளுக்கு 60 புள்ளி, கோல் வித்தியாசத்தில் நியூகாசில் முன்னால். மே 25 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில், பட்டியலில் முதலிடம் பிடித்த மான்செஸ்டர் சிட்டி யுனைடெடை ஜெயித்திருந்தால் செல்சிக்கு யூரோப்பா, நியூகாசிலுக்கு கான்ஃபரன்ஸ் கிடைத்திருக்கும். ஆனால் யுனைடெட் 2-1 என ஜெயித்தது. எஃப்.ஏ. கோப்பை இடம் இறங்கவே இல்லை, செல்சி கான்ஃபரன்ஸுக்குத் தள்ளப்பட்டது, நியூகாசிலுக்கு ஒன்றுமில்லை. தான் ஆடாத ஆட்டத்தில் அவர்கள் இடத்தை இழந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அப்புறம், இனி ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்கு வந்த அணிகளைப் பாருங்கள். முதல் ஏழுக்கு வெளியே உள்ள அணி ஏதாவது இருந்தால், சாம்பியன்ஸ் லீகுக்கு நான்கு இடம் மட்டுமே உள்ள வருடத்தில் ஏழாவது இடம் பத்திரமில்லை.