ஒரே செய்முறை வடிவியல் கணக்குக்கு மூன்று பேருக்கு மூன்று விடை வருகிறது. படங்களை ஒப்பிட்டு எப்படி மதிப்பெண் போடுவது? சுத்தமாக வரைந்தவருக்கே அதிகம் தரலாமா?

முதலில் அடியில் எழுதியிருக்கும் விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தாள் திருத்தி ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டது இது.

போன அரையாண்டுத் தாளையே சொல்கிறேன். PQ = 8 செ.மீ., ∠R = 60°, R-லிருந்து PQ-க்கு நடுக்கோடு RG = 5.8 செ.மீ., முக்கோணம் வரைந்து R-லிருந்து குத்துக்கோட்டின் நீளம் காண வேண்டும். வழக்கமான எட்டு மார்க் கணக்குதான். P-யில் கீழே 60°, அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு, PQ-வின் மையக்குத்துக்கோடு அதை வெட்டும் இடம் O, O-வை மையமாக வைத்து வட்டம், பிறகு G-யிலிருந்து 5.8-க்கு வில். கணக்காகப் போட்டுப் பார்த்தால் உயரம் 3.82 வரும். என் மேசையில் இருந்த மூன்று தாளில் 3.8, 3.5, 4.1.

விடையை வைத்துப் போட்டால் 3.8-க்கு முழு மார்க், மற்ற இரண்டுக்கும் வெட்டு. ஆனால் படத்தில் மூன்று இடத்தைத் தொட்டுப் பார்த்தால் எந்தத் தவறு எங்கே நடந்தது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். வட்டம் Q வழியாகப் போகிறதா என்று பாருங்கள், போகவில்லை என்றால் மையக்குத்துக்கோடு தவறு. கோணமானியை R-ல் வைத்து ∠PRQ அளந்து பாருங்கள், அது P-யில் போட்ட 60° சரியா என்று காட்டிக்கொடுக்கும் (30° வந்தால் செங்குத்துக்கோட்டையே மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம், வருஷத்துக்கு நாலு பேராவது உண்டு). அப்புறம் RG-யை அளந்தால் கவராயம் வழியில் நகர்ந்ததா என்று தெரியும்.

3.5 எழுதிய பெண்ணின் தாளில் வட்டம் Q வழியாகவே போனது, RG-யும் 5.8. R-ல் மட்டும் 58°. கோணமானியின் மையம் P-யிலிருந்து Q பக்கம் 2 மி.மீ. நகர்ந்தாலே பெட்டியில் வரும் சின்னக் கோணமானியில் இந்த 2° போய்விடும், உயரத்தில் 3 மி.மீ. குறைந்துவிடும். 4.1 எழுதிய பையனுக்குக் கோணம் 60° கச்சிதம், ஆனால் RG 5.9. கவராயத்தின் திருகு லொடலொடவென்று இருந்திருக்கும். 1 மி.மீ. தவறு எப்படி 3 மி.மீ. ஆகிறது என்றால், இந்த அளவுகளுக்கு அந்த வில்லும் வட்டமும் ஒன்றையொன்று நேராக வெட்டாமல் 22° சாய்வில் உரசிக்கொண்டு போகின்றன. பென்சில் மொட்டையாக இருந்தால் அங்கே புள்ளியே இருக்காது, ஒரு நீளமான கருப்புத் திட்டுதான் இருக்கும். R-ஐ அதில் எங்கே வைத்தாலும் தவறென்று சொல்ல முடியாது. அதனால் கூர்மையான பென்சில் வெறும் அழகுக்காக இல்லை.

சரி, அந்த 3.8. மூன்றிலும் அழகான தாள் அதுதான், பொட்டு அழுக்கு இல்லை. ஒரு வில்கூட இல்லை என்பதால்தான் எனக்குச் சந்தேகம். தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தேன். O-வில் ஒரு குத்து, G-யில் ஒரு குத்து. P-யிலும் Q-விலும் ஒன்றும் இல்லை. அளவுகோலால் 4 செ.மீ. அளந்து நடுப்புள்ளி வைத்து மூலைமட்டத்தால் கோடு போட்டிருக்கிறான். வில்லை அழித்திருந்தால்கூடத் துளை போகாது.

அதைவிடப் பெரிய விஷயம், அவன் குத்துக்கோடே வரையவில்லை. இந்த முக்கோணத்தில் R-லிருந்து இறங்கும் குத்துக்கோடு PQ-க்குள் விழாது, Q-வைத் தாண்டி 4 மி.மீ. போல வெளியே விழும். PQ-வை நீட்டித்தான் வரைய வேண்டும். இவன் RQ என்ற பக்கத்தையே அளந்து 3.8 என்று எழுதிவிட்டான், அதுவும் ஏறக்குறைய 3.8-தான் வரும்!

நான் 4.1-க்கு ஏழு கொடுத்தேன், அழுக்காக இருந்தாலும் எல்லா வில்லும் அங்கே இருந்தது, PQ-வும் நீட்டியிருந்தது. 3.5-க்கும் ஏழு. அழகான தாளுக்கு ஐந்து. "விடை எனக்குத்தானே சார் சரி" என்று வந்து நின்றான். மூலைமட்டத்தைக் கொடுத்து Q-வில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். RQ அதைவிட்டு ஐந்தாறு டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ 3.8 எப்படி சார் வந்துச்சு?" என்றான்.